உள்ளே தெரிந்த 812 டொலர்: விசுவமடுவில் ஒரு பைனரி ஒப்ஷன் கணக்கின் ஆய்வு

என் தங்கையின் மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் விசுவமடுவிலிருந்து கிளிநொச்சிக்கு வந்து, கைபேசியை என் மேசையில் வைத்துவிட்டு, “மாமா, காசு உள்ளுக்கை கிடக்குது, எடுக்கத்தான் விடுறாங்கள் இல்லை” என்றார். விலை ஏறுமா இறங்குமா என்று பணயம் வைக்கும் ஒரு பைனரி ஒப்ஷன் தளத்தில் அவர் திறந்திருந்த கணக்கு அது. திரையில் 812 டொலர் என்று பச்சை எழுத்தில் இருந்தது. கூட்டுறவுச் சங்கங்களின் கணக்குகளை 30 ஆண்டுகளுக்கு மேலாகப் பரிசோதித்தவன் என்பதால், எழுதப்பட்ட மீதிக்கும் பெட்டியில் உள்ள காசுக்கும் இடையிலான வேறுபாட்டைத் தேடும் பழக்கம் எனக்கு விட்டுப்போகவில்லை. ஆகவே அவரைத் தேற்றுவதற்கு முன், அந்தக் கணக்கின் முழுப் பரிவர்த்தனை வரலாற்றையும் தரவிறக்கித் தரும்படி கேட்டேன். பின்வருவது அந்த வரலாற்றை இருவருமாக வரிவரியாகப் பார்த்து அறிந்தது. அவருடைய சம்மதத்துடனேயே எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன். தளத்தின் பெயரையும் சொல்லவில்லை, ஏனெனில் இத்தகைய தளங்கள் பெயரை மாற்றிக்கொண்டு அதே முறையில் தொடர்கின்றன.

மருமகன் காலபோக நெல்லை விற்ற கையோடு இதில் இறங்கினார். ரெலிகிராமில் ஒரு குழு இருந்தது. அதில் ஒருவர் நாள்தோறும் மாலை ஏழு மணிக்கு “மேலே”, “கீழே” என்று குறிப்புக் கொடுப்பார். அவர் தந்த இணைப்பின் ஊடாகத்தான் கணக்குத் திறக்க வேண்டும் என்பது குழுவின் ஒரே நிபந்தனை. இலங்கையிலுள்ள வங்கிகளின் அட்டைகளை மெய்நிகர் நாணயக் கொடுப்பனவுகளுக்குப் பயன்படுத்த முடியாது என்பது 2017 ஆம் ஆண்டின் வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் 2021 இல் விடுக்கப்பட்ட பணிப்புரை. அதனால் அவர் இணையத்தில், டொலருக்குச் சமமான பெறுமதியுள்ள மெய்நிகர் நாணயமான யூஎஸ்டிடியை விற்கும் தனியாட்களின் வங்கிக் கணக்குகளுக்கு ரூபாவை அனுப்பி, அவர்கள் கொடுத்த யூஎஸ்டிடியைத் தளம் காட்டிய முகவரிக்கு மாற்றினார். ஒரு டொலர் 310 ரூபாவாக விழுந்தது. முதலில் 31,000 ரூபா, அதாவது 100 டொலர்.

அந்த 100 டொலரை ஒன்றும் இரண்டுமாகப் பணயம் வைத்து, மூன்று வாரத்தில் 128 ஆக்கினார். 30 டொலர் எடுக்கக் கேட்டபோது இரண்டு மணித்தியாலத்துக்குள் வந்துவிட்டது. அதை விற்று 9,000 ரூபாவைக் கையில் எடுத்தார். தங்கை அன்று எனக்குத் தொலைபேசி எடுத்து, “அண்ணை, இவன் ஏதோ நல்ல வேலை பழகிறான் போல” என்று சொன்னது நினைவிருக்கிறது. முழுக் கணக்கிலும் வெளியே வந்த பணம் அந்த 9,000 ரூபா மட்டுமே. மோசடித் தளங்கள் தொடக்கத்தில் சிறு தொகையைத் தாமதமின்றிக் கொடுத்துவிடுவது வழக்கம். ஒருமுறை பணம் வந்தது என்பது அடுத்த முறையும் வரும் என்பதற்குச் சான்றாகாது. ஆனால் மனிதர் அதைத்தான் சான்றாகக் கொள்கிறார்கள்.

இங்கே என்ன விற்கப்படுகிறது என்பதைச் சொல்ல வேண்டும். பைனரி ஒப்ஷனில் யூரோவையோ தங்கத்தையோ யாரும் வாங்குவதில்லை. ஒரு நிமிடத்திலோ ஐந்து நிமிடத்திலோ விலை இப்போதுள்ளதைவிட மேலே நிற்குமா, கீழே நிற்குமா என்று ஒரு தொகையைப் பணயம் வைப்பது மட்டுமே நடக்கிறது. சொன்னது சரியானால், இத்தளத்தில், பணயத்துடன் அதன் 80 சதவீதம் இலாபமாகக் கிடைக்கும். பிழையானால் பணயம் முழுவதும் போய்விடும். எதிர்ப்பக்கத்தில் நிற்பது வேறொரு வியாபாரி அல்ல, தளமே. நீங்கள் இழப்பது அதன் வருமானம், நீங்கள் வெல்வது அதன் செலவு.

நாணயத்தைச் சுண்டி, தலை விழுந்தால் நான் உனக்கு 80 ரூபா தருவேன், பூ விழுந்தால் நீ எனக்கு 100 ரூபா தர வேண்டும் என்று சொல்லி எங்களூர் வாசிகசாலை முன்றிலில் ஒருவர் நின்றால், பத்து வயதுப் பிள்ளையும் சிரித்துவிட்டுப் போகும். அதே ஒப்பந்தம் மெழுகுதிரி போன்ற சிவப்பும் பச்சையுமான வரைபுகளோடு வரும்போது சிரிப்பு வருவதில்லை. 80 சதவீதம் கொடுக்கும் தளத்தில் இழப்பும் இலாபமும் இல்லாமல் நிற்பதற்கே 100 தடவையில் ஏறத்தாழ 56 தடவை வெல்ல வேண்டும். பாதிக்குப் பாதி வெல்பவர், பணயம் வைக்கும் ஒவ்வொரு 100 டொலருக்கும் சராசரியாக 10 டொலரைத் தளத்துக்குக் கொடுத்துக்கொண்டிருப்பார்.

மருமகன் பாதிக்குப் பாதியைவிடச் சற்று மேலாகவே வென்றிருக்கிறார். பின்னால் சொல்லப்போகும் பெருந்தொகையைப் போட்ட பின் அவர் செய்த பணயங்கள் 412. அவற்றில் 215 வெற்றி, 197 தோல்வி. வெற்றிகள் 52 சதவீதம் என்பதைத்தான் அவர் பெருமையோடு முதலில் காட்டினார். ஒரு தாளில் கீறிக் காட்டினேன். ஒவ்வொரு பணயமும் ஒரே அளவு என்று கொண்டால் 215 வெற்றிக்கு 172 பணயத்தின் பெறுமதி வந்திருக்கும், 197 தோல்விக்கு 197 போயிருக்கும். ஆகவே 18 தடவை அதிகமாக வென்ற மனிதர் 25 பணயத்தின் பெறுமதியை இழந்திருக்கிறார். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த இழப்பைத் தவிர்ப்பதற்கு அவர் 229 தடவை வென்றிருக்க வேண்டும்.

குழுவில் குறிப்புக் கொடுத்தவர் இதற்கும் ஒரு வழி சொல்லியிருந்தார். தோற்றால் அடுத்த பணயத்தை இரட்டிப்பாக்கு, ஒருமுறை வென்றால் எல்லாம் திரும்பிவிடும் என்பது அந்த வழி. வென்றால் சமதொகை கிடைக்கும் ஆட்டத்தில், மடிச்சீலையில் முடிவில்லாத காசு உள்ளவருக்கு, அந்தக் கணக்கு தாளில் சரிவரும். 80 சதவீதம் கொடுக்கும் ஆட்டத்தில் அது தாளிலும் சரிவராது. 10, 20, 40 என்று மூன்று தடவை தோற்று, நான்காவதில் 80 வைத்து வென்றாலும் வருவது 64, அதுவரை போனது 70. வென்ற பின்னும் 6 டொலர் நட்டம். வரலாற்றில் இவ்வாறு நான்காம் படிவரை போன தொடர்களைத் தேடினேன், ஒன்றல்ல, பல கிடைத்தன. அவற்றில் சிலவற்றுக்கு எதிரே மருமகன் தன் கொப்பியில் “மீட்டாச்சு” என்று எழுதி வைத்திருந்தார்.

குறிப்புக் கொடுத்தவர் ஏன் இப்படிச் சொன்னார் என்பதற்கு விடை அதே தளத்தின் அடியில், பங்காளர்களுக்கான பக்கத்தில் இருந்தது. ஆள் சேர்ப்பவருக்கு, அவர் சேர்த்தவர்களால் தளம் பெறும் வருமானத்தில் 50 சதவீதம் வரை வழங்கப்படும் என்று அங்கே வெளிப்படையாக எழுதியிருந்தார்கள். தளத்தின் வருமானம் என்பது சேர்ந்தவரின் இழப்பு. அந்த இணைப்பின் ஊடாகத்தான் கணக்குத் திறக்க வேண்டும் என்ற ஒரே நிபந்தனையின் பொருள் அதுதான்.

இனிப் பெருந்தொகைக்கு வருகிறேன். 30 டொலர் வந்த நான்காம் நாள், ‘கணக்கு முகாமையாளர்’ என்று தன்னை அறிமுகப்படுத்திய ஒருவர் வட்ஸ்அப்பில் வந்தார். 500 டொலர் வைப்பிட்டால் இன்னொரு 500 டொலர் போனஸ் தருவதாகச் சொன்னார். மருமகன் 1,55,000 ரூபாவைப் போட்டார். முன்பிருந்த 98 டொலரோடு சேர்த்துத் திரையில் 1,098 டொலர் வந்தது. போனஸை ஏற்கும் பொத்தானுக்குக் கீழே, சாம்பல் நிறச் சிறு எழுத்தில், போனஸ் தொகையின் 40 மடங்கு ‘சுழற்சி’ முடியும்வரை எந்தப் பணமும் எடுக்க இயலாது என்ற நிபந்தனை இருந்தது. அதை அவர் வாசிக்கவில்லை. வாசித்திருந்தாலும் விளங்கியிருக்குமா என்பது ஐயமே, ஏனெனில் அந்த வரி ஓர் எண்ணைச் சொல்கிறதே தவிர அந்த எண் என்ன செய்யும் என்பதைச் சொல்வதில்லை.

500 டொலரின் 40 மடங்கு 20,000 டொலர். அதாவது வென்றாலும் தோற்றாலும் மொத்தமாக 20,000 டொலரைப் பணயம் வைத்து முடித்த பின்னரே கதவு திறக்கும். பாதிக்குப் பாதி வெல்பவர் அந்தச் சுழற்சியில் சராசரியாக 2,000 டொலரை இழப்பார். அவரிடம் இருப்பதோ 1,098 டொலர். கதவுக்குப் போகும் வழியில் பணம் தீர்ந்துவிடும்படி தூரம் அளந்து வைக்கப்பட்டிருக்கிறது. நான் இந்த ஆய்வில் கண்டவற்றுள் முதன்மையாகக் கருதுவது இதுதான். பணம் எடுக்கவிடாமல் தடுப்பது என்றால், கேட்கும் நாளில் யாரோ ஒருவர் மறுப்பது என்று நாம் நினைக்கிறோம். இங்கே மறுப்பு போனஸை ஏற்ற அந்தக் கணத்திலேயே நடந்து முடிந்துவிட்டது.

மருமகனின் உண்மையான எண்களைக் கொண்டும் பார்த்தோம். அவர் மொத்தம் 8,240 டொலரைச் சுழற்றியிருந்தார், சராசரியாக ஒரு பணயம் 20 டொலர். அந்தச் சுழற்சியில் 1,098 டொலர் 612 ஆகக் குறைந்தது, இழப்பு 486. இதே வீதத்தில் 20,000 டொலரையும் சுழற்றியிருந்தால் ஏறத்தாழ 1,180 டொலர் போயிருக்கும். நாணயம் சுண்டுபவரைவிட நன்றாக ஆடியும் அவரால் அந்தக் கதவை எட்டியிருக்க முடியாது.

இடையில் ஒரு ஞாயிறு மாலை மீதி 1,940 டொலர்வரை ஏறியிருந்தது. மறுநாள் காலை 1,000 டொலர் எடுக்க விண்ணப்பித்தார். ‘பரிசீலனையில்’ என்று ஆறு நாள் நின்றது. அந்த ஆறு நாளும் முகாமையாளர் தினமும் அழைத்து, சுழற்சி மீதமிருப்பதாகவும், பணயத்தைப் பெரிதாக்கினால் விரைவில் முடியும் என்றும், திறமையுள்ளவர் பாதியில் நிறுத்தக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறார். ஏழாம் நாள் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டபோது மீதி ஏற்கெனவே 1,300க்குக் கீழே வந்துவிட்டது. எடுக்கக் கேட்ட தொகை கணக்கிலேயே, பணயம் வைக்கக்கூடிய நிலையில் விடப்பட்டிருந்ததுதான் அந்தத் தாமதத்தின் பயன்.

அந்த ஞாயிறு என்னை வேறொரு பக்கம் இழுத்தது. யூரோ, டொலர் போன்ற நாணயங்களின் சர்வதேசச் சந்தை நியூயோர்க்கில் வெள்ளி மாலை ஐந்து மணிக்கு மூடி, ஞாயிறு மாலை ஐந்து மணிக்குத் திறக்கிறது. நமது நேரத்துக்கு அது சனி அதிகாலையிலிருந்து திங்கள் அதிகாலைவரை. அப்படியாயின் ஞாயிறு மாலை விசுவமடுவில் இருந்துகொண்டு எந்த விலையில் பணயம் வைத்தார்? அவர் வந்ததும் ஒரு ஞாயிறு என்பதால் உடனேயே பார்க்க முடிந்தது. என் கணினியில் பொதுவான ஒரு நாணய விலைப் பக்கத்தைத் திறந்தேன். வெள்ளிக்கிழமை முடிவு விலையில் அசையாமல் நின்றது. அவருடைய கைபேசியில் யூரோ ஏறியும் இறங்கியும் ஓடிக்கொண்டிருந்தது. பெயரை உற்றுப் பார்த்தபோது `EUR/USD` அல்ல, `EUR/USD OTC` என்றிருந்தது. இத்தகைய தளங்களில் அந்த மூன்றெழுத்து ஒட்டினால், அது சந்தை விலை அல்ல, தளம் தன் கணினியில் தானே உண்டாக்கும் விலை என்று பொருள். 412 பணயங்களில் 140 சனியிலும் ஞாயிற்றிலும் வைக்கப்பட்டவை.

அந்த விலையை இவருக்கு எதிராக வேண்டுமென்றே அசைத்தார்கள் என்று நான் குற்றஞ்சாட்டவில்லை. என்னிடமுள்ள பதிவுகளைக் கொண்டு அதை நிறுவ முடியாது. எதிராளியே விலையையும் எழுதி, வெற்றியையும் தீர்ப்பதை 304 சீட்டாட்டம் ஆடும்போதுகூட யாரும் அனுமதிக்க மாட்டார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன். மற்றபடி 80 சதவீதக் கணக்கே போதும், விலையை அசைக்க வேண்டிய தேவையும் அவர்களுக்கு இல்லை.

612 டொலரில் நின்றபோது மருமகன் போனஸை விட்டுவிடுகிறேன், என் பணத்தைத் தாருங்கள் என்று எழுதினார். போனஸ் 500 டொலரைக் கழித்தால் மிஞ்சுவது 112 டொலர் என்று பதில் வந்தது. கணக்கின்படி அது சரிதான். அவர் சொந்தமாக வைத்திருந்த 598 டொலரில் 486 போய்விட்டது. இந்த இடத்தில் விட்டிருந்தால் 112 டொலராவது வந்திருக்குமோ என்று தங்கை கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஏனெனில் அடுத்த நாள் முகாமையாளர் ஒரு ‘சிறப்பு அனுமதி’ சொன்னார். தேசிய அடையாள அட்டையின் இரு பக்கப் படமும், அதைக் கையில் பிடித்த முகப்படமும் அனுப்பி, 200 டொலர் ‘உறுதிப்படுத்தல் வைப்பு’ இட்டால், போனஸ் பூட்டு நீக்கப்பட்டு எல்லாம் ஒன்றாக வரும் என்றார். தங்கையின் ஒரு சோடி காப்பு அடகுக்குப் போனது. 62,000 ரூபா, 200 டொலராக உள்ளே போனது. திரையில் 812 வந்தது. அதற்கு அடுத்த நாள், அதில் 20 சதவீதமான 162 டொலர் 40 சதத்தை வரியாக முன்கூட்டியே செலுத்த வேண்டும் என்று செய்தி வந்தது. அந்தச் செய்தியோடுதான் அவர் என்னிடம் வந்தார்.

“வரியை அந்தக் காசிலையே கழிச்சுப்போட்டு மிச்சத்தைத் தரச்சொல்லு தம்பி” என்றேன். எனக்கு முன்னாலேயே தட்டச்சுச் செய்து அனுப்பினார். இரண்டு நிமிடத்தில், ஒழுங்குவிதிகளின்படி மீதியிலிருந்து கழிக்க இயலாது, வெளியிலிருந்து புதிய வைப்பாகவே வர வேண்டும் என்று பதில் வந்தது. எந்த ஒழுங்குவிதி, எந்த நாட்டினது என்று கேட்டதற்குப் பதிலில்லை. கணக்காய்வில் இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பதரிது. பெட்டியில் காசு இருக்கும் எந்தக் காசாளரும் தனக்குச் சேர வேண்டியதை அதிலிருந்து எடுத்துக்கொண்டு மீதியைத் தருவார். வங்கி தன் கட்டணத்தைக் கழிக்கிறது, அடகுக்கடை வட்டியைக் கழிக்கிறது. கழிக்க முடியாது என்றால், கழிப்பதற்கு அங்கே பணமில்லை. 812 என்பது ஒரு வெறும் எழுத்து.

இவ்வகைத் தளங்களின் வரலாறும் இதே வடிவத்தையே காட்டுகிறது. இவற்றின் பெரும் விற்பனை அலுவலகங்கள் இயங்கிய இஸ்ரேல் 2017 ஒக்டோபரில் இத்தொழிலை முற்றாகத் தடைசெய்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பிணையங்கள் மற்றும் சந்தைகள் அதிகாரசபை 2018 ஜூலை 2 முதல் சாதாரண முதலீட்டாளருக்கு இவற்றை விற்பதைத் தடுத்தது. பிரித்தானியா 2019 ஏப்ரலில் நிரந்தரத் தடையும், ஆஸ்திரேலியா 2021 மே மாதத்தில் தடையும் கொண்டுவந்தன. யூகொம் என்ற இஸ்ரேலிய நிறுவனத்தின் தலைமை நிறைவேற்று அதிகாரியாக இருந்த லீ எல்பாஸுக்கு அமெரிக்க நீதிமன்றம் 2019 டிசம்பரில் 22 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. அவ்வழக்கில் வெளிவந்தவற்றுள், பொய்ப்பெயரோடு தொலைபேசியில் பேசி வைப்பிட வைத்த முகவர்களும், எடுக்கவிடாமல் தடுப்பதற்குப் போனஸைப் பயன்படுத்திய முறையும் உண்டு. மருமகனின் முகாமையாளர் பேசியது அந்தப் பழைய பாடத்தை ஒப்புவித்ததுதான்.

பணத்தை மீட்க முயன்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வங்கிக்குப் போனோம். ரூபாவைப் பெற்ற தனியாட்கள் அதற்கு ஈடான யூஎஸ்டிடியை உண்மையாகவே கொடுத்திருக்கிறார்கள், ஆகவே அவர்களிடமிருந்து திருப்பிக் கேட்பதற்கு இடமில்லை. யூஎஸ்டிடி போன வழியை எவரும் பார்க்கக்கூடிய `Tronscan` பக்கத்தில் தேடினோம். மூன்று வைப்புகளும் மூன்று வெவ்வேறு முகவரிகளுக்குப் போய், சில நிமிடத்தில் மேலும் பெரிய ஒரு முகவரிக்கு நகர்ந்திருந்தன. அனுப்பியவர் அதைத் திரும்பப் பெற இயலாது. யூஎஸ்டிடியை வெளியிடும் நிறுவனமோ அது போய்ச்சேரும் நாணயமாற்றுத் தளமோ பொலிசாரின் கோரிக்கையின்பேரில் முடக்கலாம், ஆனால் பணம் அங்கே நிற்கும்போதே கோரிக்கை போய்ச்சேர வேண்டும். பரிவர்த்தனை இலக்கங்கள், முகவரிகள், வட்ஸ்அப் உரையாடல், தரவிறக்கிய வரலாறு ஆகியவற்றை அச்செடுத்துப் பொலிசில் முறைப்பாடு பதிந்தோம். உரையாடலை அழித்துவிட வேண்டும் என்று மருமகன் நினைத்திருந்தார், வெட்கம்தான் காரணம். நல்ல வேளையாக அழிக்கவில்லை. அடையாள அட்டைப் படங்கள் வெளியே போனதையும் முறைப்பாட்டில் சேர்த்தோம், அவர் பெயரில் வேறெங்காவது கணக்குத் திறக்கப்பட்டால் காட்டுவதற்கு.

முறைப்பாடு பதிந்த வாரத்திலேயே முகநூலில் ஒருவர் வந்து, தான் இப்படியான பணத்தை மீட்டுக் கொடுப்பவர் என்றும், 100 டொலர் முற்பணம் போதும் என்றும் எழுதினார். இழந்த தொகை எவ்வளவு என்பது அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. அந்தத் தொகையை நாங்கள் பொலிசுக்கும் வங்கிக்கும் தவிர எவருக்கும் சொல்லவில்லை. அவர்களைத் தவிர அதை அறிந்திருந்தது தளம் மட்டுமே. மருமகன் அதை என்னிடம் காட்டிவிட்டு, அந்த ஆள் மீண்டும் எழுத முடியாதபடி முகநூலில் தடைசெய்தார்.

உள்ளே போனது 2,48,000 ரூபா, வெளியே வந்தது 9,000 ரூபா. காப்பின் அடகுத் தவணை ஒரு வருடம். சிறுபோகத்துக்கு இரணைமடுத் தண்ணீர் எவ்வளவு ஏக்கருக்குக் கிடைக்கும் என்பது தெரிந்த பின்னரே அதை எப்போது மீட்கலாம் என்று சொல்ல முடியும் என்கிறாள் தங்கை. செயலியைச் சான்றுக்காக அழிக்காமல் வைத்திருக்கச் சொன்னேன். அதில் இப்போதும் 812 டொலர் இருக்கிறது. போன வெள்ளிக்கிழமை, மீண்டும் வைப்பிட்டால் 120 சதவீதம் போனஸ் என்று அதிலிருந்து ஓர் அறிவித்தல் வந்தது.